இரவு ஒன்பதரை மணிக் குறுஞ்செய்தியும் ஓர் ஆங்கிலச் சுவரொட்டியும்

(தருமபுரியில் அலுவலகப் பணியாளர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இணைய மோசடி பற்றியும் கடவுச்சொல் பற்றியும் எச்சரிக்கும் ஆங்கிலச் சுவரொட்டி ஒன்றைத் தமிழாக்கி, நம் மாவட்டத்து அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை வேலை இல்லை. ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் விழிப்புணர்வுத் திட்டத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் பல ஆண்டுகளாக இந்திய மொழிகளில் இத்தகைய சுவரொட்டிகளை வெளியிட்டு வருகிறது. வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் தம் பங்குக்கு அச்சிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் மூலமாகப் புழங்கும் ஆங்கில வரிகள் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், இணைப்பைத் தொடும் முன் அதன்மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள், பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள், கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் சேருங்கள், 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்பவை அவற்றில் முக்கியமானவை. இந்த வரிகளைப் பிழையில்லாத நல்ல தமிழில் பெயர்த்தாலும் தருமபுரியில் ஒருவரைக்கூட அவை காப்பாற்றாமல் போகலாம் என்பதே நான் சொல்ல வந்தது. ஏனென்றால் அவை காட்டும் அடையாளங்கள் வேறொரு நாட்டு அலுவலக மேசையில், வேறொரு காலத்துக் கணினித் திரையில் தெரிந்தவை. நம் கையிலுள்ள திரையில் தெரிவது வேறு. ஆகவே மொழிபெயர்ப்பவர் வரியைப் பெயர்ப்பதற்கு முன், அது சுட்டும் அடையாளம் இங்கே இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் இங்கே இருக்கும் அடையாளத்தை வைக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, அதனால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே எங்கள் மின்வாரிய அதிகாரியை இந்த எண்ணில் அழையுங்கள் என்பது அதன் சாரம். அழைத்தவரிடம் எதிர்முனையில் இருப்பவர் பதற்றமே இல்லாமல் பேசுவார். கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், எங்கள் பதிவில் ஏறவில்லை, சரிசெய்து விடலாம், ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் மட்டும் செலுத்திக் காட்டுங்கள் என்பார். அந்தச் செயலி நம் கைபேசித் திரையை அவருக்குக் காட்டும் வகையைச் சேர்ந்தது. `AnyDesk`, `TeamViewer QuickSupport` போன்றவை தொலைவிலிருந்து கணினி பழுது பார்ப்பவர்களுக்காக உருவான நேர்மையான மென்பொருள்கள். ஆனால் பத்து ரூபாய் கட்டுவதற்காக நாம் வங்கிச் செயலியைத் திறக்கும்போது நம் திரையில் விரிவதும், பிறகு வந்து சேரும் ஓடிபியும் அவர் கண்ணில் படும். பணம் போவது பத்து ரூபாயோடு நிற்காது.

இப்போது ஆங்கிலச் சுவரொட்டியின் வரிகளை இந்தச் செய்தியின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சந்தேகமான இணைப்பைச் சொடுக்காதீர் என்கிறது சுவரொட்டி. செய்தியில் இணைப்பே இல்லை, ஒரு தொலைபேசி எண்தான் இருக்கிறது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர் என்கிறது. யாரும் கேட்கவில்லை. அறியாதவர் அனுப்பும் மின்னஞ்சல் இணைப்புக் கோப்பைத் திறக்காதீர் என்கிறது. மின்னஞ்சலே வரவில்லை. சுவரொட்டியை வரிவிடாமல் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்ட ஒருவர், அதில் சொன்ன எதையும் மீறாமலேயே தன் கணக்கைக் காலி செய்துகொள்ள முடியும். மூல வரிகள் அலுவலக மின்னஞ்சலை நினைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் அரசு அலுவலக எழுத்தருக்கும் கல்லூரி மாணவருக்கும் தூண்டில் வருவது பெரும்பாலும் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி அழைப்பு ஆகிய மூன்று வழிகளில். போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பும், உதவித்தொகை வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பப்படும் கியூஆர் படமும் இந்த வழிகளில்தான் வருகின்றன.

அந்த மின்வாரியச் செய்தி பொய் என்று காட்டும் அடையாளங்கள் அதிலேயே இருந்தன. ஆனால் அவற்றைக் காண ஆங்கில அறிவு தேவையில்லை, தமிழ்நாட்டில் குடியிருந்தால் போதும். நம் வீடுகளுக்கு மின் அளவீடு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. போன மாதக் கட்டணம் என்ற பேச்சே இங்கே பொருந்தாது. மாதந்தோறும் கட்டணம் வசூலிக்கும் மாநிலங்களுக்காக எழுதிய வாசகம் மாறாமல் இங்கேயும் வந்திருக்கிறது. இணைப்பைத் துண்டிக்க ஊழியர் கம்பம் ஏறும் நேரம் இரவு ஒன்பதரை இல்லை. செய்தியில் மின் இணைப்பு எண் இல்லை, வீட்டுக்காரர் பெயர் இல்லை. தமிழ்ச் சுவரொட்டி எழுதுபவருக்கு இவை கிடைத்த புதையல். ஆங்கில மூலத்தில் இவற்றுக்கு இணையான வரி எதுவும் இருக்காது. இருந்திருக்கவும் முடியாது.

மூலத்தில் வழக்கமாக முதல் வரியாக வருவது எழுத்துப் பிழை பற்றியது. பிழையான ஆங்கிலத்தில் வந்தால் சந்தேகப்படு என்பது அதன் பொருள். இங்கே இந்த அறிவுரை இரண்டு வகையில் தடுமாறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. அன்றிருந்த 32 மாவட்டங்களில் அதுவே கடைசி. வீட்டில் ஒரு பிள்ளைதான் கல்லூரிக்குப் போகிறது என்றால், அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் வரும் ஆங்கிலக் குறுஞ்செய்திகளை வாசித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். ஆங்கிலத்தில் வினை திரிந்திருப்பதைக் கொண்டு அனுப்பியவரை எடைபோடு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது தேர்வு எழுதச் சொல்வது போன்றது. இரண்டாவது இடர் இதைவிடப் பெரிது. உண்மையான நிறுவனங்களிடமிருந்து நமக்கு வரும் செய்திகளிலும் பிழை மலிந்திருக்கிறது. சுருக்கெழுத்தும் தங்கிலீஷும் கலந்தவையும், இயந்திரம் பெயர்த்த தமிழும் வருகின்றன. பிழையைக் கண்டால் மோசடி என்று சொன்னால் நல்ல செய்திகள் பல மோசடி ஆகிவிடும். பிழையில்லாத செய்தி நம்பத்தக்கது என்ற மறுபாதியையும் வாசகர் தாமாகவே பொருத்திக்கொள்வார். அதுதான் ஆபத்து. இந்த வரியைத் தமிழில் விட்டுவிடுவதே சரி.

அடுத்தது முகவரி. வலைத்தள முகவரியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது இத்தகைய சுவரொட்டிகளிலேயே உருப்படியான பகுதி. அதைத் தமிழில் விளக்க நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நாம் அஞ்சல் முகவரி எழுதும்போது வீட்டுப் பெயரில் தொடங்கி, ஊர், வட்டம், மாவட்டம் என்று பெரியதை நோக்கிப் போவோம். பென்னாகரம் வட்டத்தில் ஒருவர் தம் வீட்டுக்குச் சென்னை இல்லம் என்று பெயர் வைத்தால் அந்த வீடு சென்னைக்குப் போய்விடாது. கடைசியில் என்ன மாவட்டம் எழுதியிருக்கிறது என்பதே இடத்தைச் சொல்லும். வலைத்தள முகவரியும் அப்படித்தான். கீழே உள்ளதைப் பாருங்கள்.

```
https://sbi.bank.in.kyc-update.example/login
```

`https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் முதலில் வருவது `example`, அடுத்து `kyc-update`. தளத்தின் உரிமையாளர் அந்தப் பெயரை வாங்கியவர்தான். முன்னால் இருக்கும் `sbi.bank.in` என்பது சென்னை இல்லம் என்ற பெயர்ப்பலகை. இடையே சொல்லிவிட வேண்டிய ஒரு சேதி: `.example` என்ற முடிவு பாடம் சொல்லிக் கொடுப்பதற்காகவே 1999இல் ஒதுக்கி வைக்கப்பட்டது, அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. எச்சரிக்கைச் சுவரொட்டியில் கற்பனையாக ஒரு போலி முகவரியை அச்சிட்டால், நாளைக்கு அதையே ஒருவர் வாங்கி மோசடித் தளம் நடத்த வாய்ப்புண்டு. அதனால் இந்த முடிவைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இங்கேதான் நேர்மொழிபெயர்ப்பு தவறான தகவலைத் தந்துவிடும். கடைசி இரண்டு துண்டுகளைப் பாருங்கள் என்று அமெரிக்கச் சுவரொட்டி சொல்லும். `.com` உலகத்தில் அது சரி. இந்தியாவில் `sbi.bank.in` என்ற முகவரியின் கடைசி இரண்டு துண்டுகள் `bank.in`. அது எல்லா வங்கிக்கும் பொது. `.co.in`, `.gov.in` ஆகியவற்றுக்கும் இதே நிலை. அப்படியே பெயர்த்தால் வாசகர் குழம்புவார். ஆனால் நமக்கென்று இன்னும் எளிய ஓர் அடையாளம் இப்போது வாய்த்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் எல்லாம் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று அறிவித்து, பின்னர் அந்த ஆண்டு அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்தது. இந்த முடிவை வங்கி அல்லாதவர் பெற முடியாது. `.gov.in` அரசு அமைப்புகளுக்கு மட்டும் உரியது. `.in`, `.co.in`, `.com`, `.org` ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆகவே தமிழ்ச் சுவரொட்டி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இந்த முகவரி `.bank.in` என்றோ `.gov.in` என்றோ முடிகிறதா?

இந்தக் கேள்விக்கும் எல்லை உண்டு, அதைச் சுவரொட்டியே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்ட மக்கள் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் முகவரி `tnebnet.org`. அது உண்மையான தளம், ஆனால் யாரும் வாங்கக்கூடிய முடிவைக் கொண்டது. `.gov.in` இல்லையென்றால் போலி என்று எழுதினால் மின்வாரியத்தையே போலியாக்கிவிடுவோம். தொலைபேசி எண்ணிலும் இதே சிக்கல். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வங்கியோ வாரியமோ குறுஞ்செய்தி அனுப்பாது, பதிவுசெய்த எழுத்துத் தலைப்பில்தான் அனுப்பும் என்பது உண்மை. 2025 மே மாதம் முதல் அந்தத் தலைப்புகளின் முடிவில் சேவைச் செய்திக்கு `-S`, பரிவர்த்தனைக்கு `-T`, அரசுக்கு `-G`, விளம்பரத்துக்கு `-P` என்று ஓர் எழுத்தும் சேர்ந்து வருகிறது. ஆனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அதுவும் பத்து இலக்க எண்தான்! ஆகவே எண்ணின் தோற்றத்தை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி வேறு: செய்தி தரும் எண்ணை அழைக்காதீர்கள், செய்தி தரும் முகவரிக்குப் போகாதீர்கள், செய்தியோடு வரும் கோப்பைத் திறக்காதீர்கள். உங்கள் மின்கட்டண அட்டையிலோ வங்கிப் பாஸ்புத்தகத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள், எப்போதும் போகும் முகவரிக்கு நீங்களே போங்கள். இந்த ஒரு விதி ஒன்பதரை மணிச் செய்தியையும் தடுக்கும், சலான் கோப்பையும் தடுக்கும்.

சுட்டியை இணைப்பின்மேல் வைத்துப் பார்க்கும் அறிவுரையை நீட்ட வேண்டியதில்லை. கைபேசியில் சுட்டியே கிடையாது. சில செயலிகளில் இணைப்பை அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும், சிலவற்றில் தெரியாது. பூட்டுச் சின்னமும் காலாவதியான அடையாளம். இணைப்பில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் அது சொன்னது, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு மோசடித் தளங்களிலும் பூட்டு வந்துவிட்டது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே 2023இல் குரோம் உலாவி அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. குரோமில் இல்லாத சின்னத்தைத் தேடச் சொல்லும் தமிழ்ச் சுவரொட்டிகள் இன்றும் சுவரில் இருக்கின்றன.

கடவுச்சொல்லுக்கு வருவோம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி நான்கும் சேர வேண்டும் என்ற விதியும், குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியும் பரவியதில் அமெரிக்காவின் நிஸ்ட் எனும் தர நிறுவனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், அதில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017இல் ஒரு நாளிதழிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தியது. கால இடைவெளி வைத்து மாற்றச் சொல்லக் கூடாது, கசிந்ததற்குச் சான்று இருந்தால் மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும், கலவை விதிகளை விட நீளமே முக்கியம், ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கும் சொல்லை ஏற்கக் கூடாது என்று அது சொன்னது. 2025இல் வந்த திருத்தம், வேறு சரிபார்ப்பு இல்லாமல் கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பும் இடங்களில் குறைந்தது 15 எழுத்துகள் வேண்டும் என்கிறது. பழைய விதி ஏன் தோற்றது என்பதற்கு நம் ஊர்ப் பெயரே சாட்சி. `Dharmapuri@123` என்பதில் பெரிய எழுத்து இருக்கிறது, சிறிய எழுத்து இருக்கிறது, குறி இருக்கிறது, எண் இருக்கிறது, நீளமும் 14. பழைய சுவரொட்டியின்படி முழு மதிப்பெண். ஆனால் திருடர்களின் மென்பொருள் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் வரிசையாக எடுத்து, முதல் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் `@123` சேர்த்துப் பார்ப்பதைத் தொடக்கத்திலேயே செய்துவிடும். இந்தியாவில் அதிகம் கசிந்த கடவுச்சொற்களின் பட்டியல்களில் `India@123`, `Pass@123` வகையைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். விதி ஒன்றுதான், அதை நிறைவேற்ற எல்லாரும் கண்டுபிடித்த குறுக்குவழியும் ஒன்றுதான்.

புதிய ஆங்கிலச் சுவரொட்டிகள் இதை அறிந்து, தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள் என்கின்றன. நல்ல யோசனை. சொற்களை நாமாகத் தேர்ந்தெடுக்காமல், பகடை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்தால், நான்கு சொல்லுக்கு உள்ள சேர்க்கைகள் சுமார் 36 கோடியே 56 இலட்சம் கோடி. ஆனால் இந்த வரியைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுகிறது. தமிழ்ச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. பல தளங்கள் ஏற்காது, கடவுச்சொல் பெட்டிக்குள் பல கருவிகளில் தமிழ் விசைப்பலகையே வேலை செய்யாது. ஏற்றுக்கொண்ட இடத்திலும் ஆபத்து உண்டு. "கொ" என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஏற்பாடு தளத்தில் இல்லையென்றால், வீட்டுக் கைபேசியில் வைத்த கடவுச்சொல் அலுவலகக் கணினியில் தவறு என்று திரும்பி வரும். பயனருக்கு ஏன் என்று கடைசிவரை தெரியாது.

ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே அடுத்த சிக்கல். வாழை என்பதை `vazhai`, `vaazhai`, `valai`, `vaalai` என்று நான்கு விதமாக எழுதுவார்கள். இன்று ஒரு விதம், ஆறு மாதம் கழித்து இன்னொரு விதம். எழுத்துக்கூட்டல் மாறுவதால் ஊகிப்பவருக்கும் கடினம்தானே என்று கேட்கலாம். கொஞ்சம் கடினம்தான், ஆனால் சொல்லுக்குச் சொல் மூன்று நான்கு வடிவங்களைச் சேர்த்துச் சோதிப்பது மென்பொருளுக்குப் பெரிய பாடில்லை. மறந்துவிட்டு உள்ளே போக முடியாமல் நிற்பவருக்குத்தான் பெரிய பாடு. எனவே சுவரொட்டி தரும் எடுத்துக்காட்டுச் சொற்கள் சிறப்பு ழகரமும் நெடிலும் இல்லாதவையாக, பெரும்பாலும் ஒரே வடிவில் எழுதப்படுபவையாக இருக்க வேண்டும். `pambaram-nandu-kudam-thinnai` என்பது ஒரு மாதிரி. தேர்ந்தெடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். பள்ளி அகராதியைக் கண்ணை மூடி நான்கு முறை திறந்து விரல் பட்ட சொல்லை எடுப்பது ஒரு வழி. மனத்துக்குப் பிடித்த பாட்டு வரியோ நடிகர் பெயரோ கூடாது, அவை எல்லார் மனத்துக்கும் பிடித்தவை. அச்சிட்ட மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்பவரும் இருப்பார் என்பதால், இதை வைக்காதீர்கள் என்றும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நான் சொல்லும் இந்த மாற்றங்களுக்கு மறுப்புகளும் எழும். இவ்வளவு மாற்றினால் அது மொழிபெயர்ப்பா என்பது முதல் மறுப்பு. மூலத்தை வல்லுநர் குழு பார்த்து ஒப்பியிருக்கிறது, மொழிபெயர்ப்பாளருக்கு அதைத் திருத்த என்ன உரிமை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மருந்து உறையிலுள்ள அளவை மொழிபெயர்ப்பாளர் மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மருந்தின் அளவு நாட்டுக்கு நாடு பெரும்பாலும் மாறுவதில்லை, வலைத்தள முகவரியின் அமைப்பு மாறுகிறது. கடைசி இரண்டு துண்டைப் பாருங்கள் என்பதை அப்படியே பெயர்ப்பவர் வல்லுநரின் சொல்லுக்கு விசுவாசமாக இருந்து, அவர் சொல்ல வந்ததைக் கெடுக்கிறார். சரியான வழி, தானாகத் திருத்தாமல் வரிவாரியாகக் கேள்வி எழுதி வெளியீட்டாளருக்கு அனுப்புவது. இந்த வரி இந்திய முகவரிக்குப் பொருந்தவில்லை, இப்படி மாற்றலாமா என்று கேட்டால் பாதுகாப்புத் துறையில் இருப்பவர் எவரும் மறுக்க மாட்டார். கெடு நெருங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் நடைமுறையில் நிகழ்கிறது.

இரண்டாவது மறுப்பு தமிழ்ப் பற்றிலிருந்து வருகிறது. `Enter UPI PIN`, `Allow`, `Install` என்று ஆங்கிலத்தையே சுவரொட்டியில் வைத்தால் தமிழ் எதற்கு என்கிறார்கள். விளக்கம் முழுவதும் தமிழில்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திரையில் ஆங்கிலத்தில் வரும் பொத்தானை நாம் தமிழாக்கி எழுதினால், வாசகர் தம் திரையில் அந்தத் தமிழைத் தேடுவார். கிடைக்காது. உதவித்தொகை வருகிறது என்று சொல்லிக் கியூஆர் படம் அனுப்பி ஏமாற்றும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து முன்னே போனால் திரையில் `Enter UPI PIN` என்று வருகிறது. அந்த ஆங்கில வரியைப் படமாகவே காட்டி, பணம் வாங்க இது ஒருபோதும் தேவைப்படாது, இது வந்தால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று கீழே தமிழில் எழுதினால் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. சுவரொட்டியாலும் பயிற்சியாலும் ஏதாவது பயன் உண்டா என்பது அது. சான்றுகள் நமக்குச் சாதகமாக இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,500 ஊழியர்களுக்கு எட்டு மாதம் போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்தார்கள். 2025இல் வெளிவந்த அந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களை விட ஏமாறும் விகிதத்தில் 1.7 விழுக்காடு மட்டுமே குறைவாக இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் இடிஹெச் ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000க்கும் மேற்பட்டோரிடம் 15 மாதம் சோதித்ததில், ஏமாந்தவுடன் காட்டப்படும் பாடம் நன்மை தரவில்லை என்று தெரிந்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சந்தேகமான மடலை ஊழியர்கள் ஒரு பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வழி செய்தபோது அவர்கள் விரைவாகவும் பெரும்பாலும் சரியாகவும் தெரிவித்தார்கள், மாதங்கள் போனாலும் சலிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சுவரொட்டியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும். மோசடியைக் கண்டுபிடிக்கும் திறமையை அது ஊட்டாது. சந்தேகம் வந்தாலோ ஏமாந்தாலோ உடனே யாரிடம் போவது என்பதை அது நினைவில் நிறுத்தலாம். ஆகவே ஒட்டும் தாளில் பாதியை அந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும் என்பேன்.

பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930, புகார் பதிய `cybercrime.gov.in`. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு, அங்கிருந்து பலவற்றுக்கு என்று நிமிடங்களில் பிரிந்து போகும். 1930இல் பதிவானதும் இடையிலுள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை நிறுத்தி வைக்க முயல்கிறார்கள். முதல் மணி நேரத்தில் அழைப்பதற்கும் மறுநாள் அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை வங்கிப் பெயர், கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண். இந்த ஐந்தையும் சுவரொட்டியில் வரிசையாக எழுதி, பக்கத்தில் வெற்றிடம் விட்டு, அதே தாளைச் சிறிய அளவில் அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தால் வீட்டுக்குப் போகும். அலுவலகப் பிரதியில் இன்னொரு வரி வேண்டும்: அலுவலகக் கணக்கின் கடவுச்சொல்லை எங்காவது உள்ளிட்டுவிட்டதாகத் தோன்றினால் யாரிடம் சொல்வது, அவருடைய மேசைத் தொலைபேசி எண் என்ன? பெயர் இல்லாமல் பதவி மட்டும் போதும். சொன்னவர்மீது நடவடிக்கை இல்லை என்று அலுவலகத் தலைவர் கையொப்பமிட்டிருந்தால் இன்னும் நல்லது. விளக்கக் குறிப்பாணை வரும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எவரும் முதல் மணி நேரத்தில் வாய் திறக்க மாட்டார்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு சோதனை நடத்தலாம், செலவில்லாதது. மின்வாரியச் செய்தி, சலான் கோப்பு, உதவித்தொகைக் கியூஆர் ஆகிய மூன்றையும், வங்கியிலிருந்து வந்த உண்மையான செய்தி ஒன்றையும் தாளில் எடுத்து, சுவரொட்டியின் வரைவோடு சேர்த்து ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஓரிருவர் ஆங்கிலம் வாசிக்காதவராக இருக்கட்டும். இந்தச் செய்தி வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள், பொய்யா மெய்யா என்று கேட்காதீர்கள். நான்கு செய்திகளில் எதற்கும் உதவாத வரி என்று ஒன்று தெரிந்தால், மூலத்தில் அது எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். தாளின் அடியில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் இருக்கட்டும். தனியாருக்கிடையே யுபிஐ வழியாகப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தக் கோரிக்கையை ஏற்காதீர் என்ற வரியோடு இன்னும் தொங்கும் தாள்களை எப்போது கழற்றுவது என்று முடிவு செய்ய, கழற்றுகிறவருக்கு அந்தத் தேதி வேண்டும்.